இறகு உதிர்க்கும் கோழியை விற்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் கோழிக் கொட்டகையைப் பெருக்கினால் முறம் நிறைய இறகுதான் சேரும். முட்டை நின்றுபோயிருக்கும். கொண்டை சுருங்கி வெளுத்து, கழுத்து மொட்டையாகி, கோழி ஏதோ சீக்கு வந்ததுபோல நிற்கும். பலரும் இந்த நேரத்தில்தான் வியாபாரியைக் கூப்பிட்டு வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நஷ்டம்.

இது நோயல்ல. ஓராண்டு முட்டையிட்டுக் களைத்த உடம்பு பழைய இறகைக் கழித்துப் புதியதை வளர்த்துக்கொள்கிறது. பகல்பொழுது குறைவதுதான் முக்கியத் தூண்டுதல். நம் ஊரில் கோடைப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால், எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் உதிர்ப்பதில்லை. கடும் வெயில், ஒருநாள் தண்ணீர் வைக்க மறந்தது, தீவனம் குறைந்தது, அடைகாத்து எழுந்தது எதுவும் காரணமாகலாம்.

பேன் தொல்லையோ என்று சந்தேகம் வந்தால் வெற்றிடத்தை விரலால் தடவிப் பாருங்கள். தலை, கழுத்தில் தொடங்கி மார்பு, உடல், சிறகு, வால் என்று வரிசையாக உதிர்ந்து, பின்னாலேயே முள்முள்ளாகப் புது இறகு முளைத்தால் அது இயற்கை. ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தால் பேன். முதுகு மட்டும் மொட்டையானால் சேவல் மிதித்தது. முள்ளிறகுக்குள் ரத்தம் ஓடுவதால் தொட்டாலே வலிக்கும். அந்த நாட்களில் கோழியைத் தேவையில்லாமல் பிடிக்காதீர்கள்.

இறகில் ஏறத்தாழ 85 சதவீதம் புரதம். அரிசியில் பத்து சதவீதம்கூடத் தேறாது. தவிடும் சோறும் மட்டும் போட்டால் இரண்டரை மாதத்தில் முடிய வேண்டியது இழுத்துக்கொண்டே போகும். முட்டைத் தீவனத்தில் புரதம் சுமார் 16 சதவீதம் இருக்கும். இப்போது அதை 19, 20க்குக் கொண்டுவந்தால் போதும். பத்துக் கோழிக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தீவனம் என்றால், அதில் நூறு கிராம் மீன்தூள் கலந்தால் கணக்குச் சரியாகும். உப்புக் கருவாடு வேண்டாம். கோழி தண்ணீராகக் கழியும். இறகுக்குக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும். கடலைப் புண்ணாக்கிலும் சோயாவிலும் அது குறைவு, மீனிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் அதிகம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை எந்தக் காலத்திலும் போடாதீர்கள். முட்டை இல்லாததால் கிளிஞ்சலை அள்ளிக் கலக்கவும் தேவையில்லை. தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியது தின்னும்.

இனி, எதை வைத்துக்கொள்வது? சிறகை விரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு குட்டை இறகும் அதற்கு வெளிப்பக்கம் பத்து நீள இறகுகளும் இருக்கும். அந்தப் பத்தும் குட்டை இறகின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக உதிரும். சோம்பேறிக் கோழி இரண்டு வாரத்துக்கு ஒன்றாக உதிர்க்கும். ஓர் இறகு வளர ஆறு வாரம் என்றால், பத்தும் முடிய ஆறு மாதம் போய்விடும். அத்தனை நாளும் பார்க்க ஓரளவு லட்சணமாகத்தான் இருக்கும், முட்டை மட்டும் இராது. நல்ல கோழி மூன்று நான்காகக் கொட்டி, பரட்டையாகத் திரிந்து, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மீண்டுவிடும். ஓராண்டுக்கு மேல் முட்டையிட்ட பிறகு தாமதமாக, ஆனால் வேகமாகக் கொட்டுவதுதான் கெட்டிக்காரக் கோழி. முட்டையிடத் தொடங்கி ஏழெட்டு மாதத்திலேயே நிதானமாக உதிர்ப்பதை முதலில் கழிக்கலாம்.

காசுக் கணக்கும் பாருங்கள். தீவனம் கிலோ முப்பது ரூபாய், கோழி நாளுக்கு 110 கிராம் தின்கிறது என்று வைத்தால், பத்து வார ஓய்வுக்கு 230 ரூபாய் ஆகும். அதற்குப் பதில் குஞ்சு வாங்கி ஐந்து மாதம் வளர்த்தால் ஏழெட்டுக் கிலோ தீவனச் செலவே அதே அளவு. குஞ்சு விலை, தடுப்பூசி, நாய்க்கும் கீரிக்கும் போவது எல்லாம் தனி. பழைய கோழி இரண்டாம் ஆண்டில் முந்தைய ஆண்டின் முட்டையில் ஐந்தில் நான்கு பங்குதான் இடும். ஆனால் முட்டை பெரிது. ஆகவே முதல் உதிர்ப்பைத் தாண்டவிடுவது வீட்டுக் கோழிக்குக் கட்டுப்படியாகும். மூன்றாவதுக்குப் பிறகு முட்டைக்காக வைத்திருப்பதில் லாபமில்லை. அடைக்குப் படுத்துக் குஞ்சு பொரிக்கும் நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நல்ல தாய்க்கோழியை வயதானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு முடிந்ததா என்பதை ஆசனவாய்க்குக் கீழே உள்ள இரண்டு கூர் எலும்புகள் சொல்லும். இடையில் ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் முட்டை இன்னும் இல்லை. இரண்டு மூன்று விரல் நுழைந்து, ஆசனவாய் ஈரமாக விரிந்திருந்தால் இடுகிறது. முழு இறகும் வந்து ஒரு மாதமாகியும் ஒரு விரலிலேயே நின்றால் விற்றுவிடுங்கள். அப்போது எடையும் தேறியிருக்கும், முள்ளிறகு இல்லாததால் இறைச்சிக்காரரும் விலையைக் குறைக்க மாட்டார்.