பலசாலி ஏன் தோற்கிறான்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, வாய்மொழியாகவே ஒரு கதையை நடத்திச் செல்வதுதான் ரோல்-பிளேயிங் விளையாட்டு. எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். எப்படிச் சொல்கிறது என்பதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு.

2014இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி, திறமைக்கான எண்ணை அதோடு கூட்டுவார்கள். உடல்வலு 20 உள்ள வீரனுக்கு 5 கூடும். வலு 10 உள்ள சாதாரண ஆளுக்கு எதுவும் கூடாது. இருவரும் பஞ்சா பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். நோஞ்சான் ஜெயிக்க, அவன் பகடை வீரனுடையதைவிட 6 அல்லது அதற்கு மேல் கூடுதலாக விழ வேண்டும். மொத்தமுள்ள 400 சேர்க்கைகளில் 105இல் அது நடக்கும். நூற்றுக்கு 26 தடவை! காரணம் எளிது. ஒற்றைப் பகடையில் 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. அந்தப் பெரிய ஊசலாட்டத்துக்கு முன்னால் 5 சிறிய எண்.

'ஷேடோரன்' விளையாட்டின் நான்காம் பதிப்பு (2005) வேறு வழியில் போகிறது. அங்கே திறமை என்பதே பகடைகளின் எண்ணிக்கைதான். சாதாரண ஆறு முகப் பகடைகளைக் கைநிறைய அள்ளி உருட்டி, 5 அல்லது 6 விழுந்தவற்றை மட்டும் எண்ணுவார்கள். அதே பஞ்சாவில் வீரனுக்கு 7 பகடை, நோஞ்சானுக்கு 2 என்றால், நோஞ்சான் கூடுதலாக எண்ணி ஜெயிப்பது நூற்றுக்கு 6 தடவைகூட இல்லை. பல பகடைகள் சேரும்போது ஒன்றின் சறுக்கலை இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. வல்லவன் வல்லவனாகவே தெரிய வேண்டிய கதைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் இந்த முறையில் கதையை நடத்துபவர் எளிதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒற்றைப் பகடையில் கணக்கு கண்முன்னே இருக்கிறது: தேவைப்படும் எண்ணை 1 உயர்த்தினால் வாய்ப்பு ஐந்து சதவீதம் குறையும், அவ்வளவுதான். கைநிறைய உருட்டும்போது அது மறைந்துவிடுகிறது. 4 பகடை வைத்திருப்பவர் ஒரு வெற்றியாவது பெறும் வாய்ப்பு 80 சதவீதம். 'சுவர் கொஞ்சம் வழுக்குகிறது, இரண்டு வெற்றி வேண்டும்' என்று நடத்துபவர் சொன்ன மாத்திரத்தில் அது 41 ஆகிவிடும். மூன்று கேட்டால் வெறும் 11. அவர் நினைத்தது சிறிய இடைஞ்சல். ஆடுபவருக்கு நேர்ந்ததோ பாதாளம். நன்றாக ஏறுகிற கதாபாத்திரம் திடீரென்று திரும்பத் திரும்ப விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வழுக்கலுக்காக ஒரு பகடையைப் பிடுங்கிக்கொண்டு, ஒரே வெற்றி போதும் என்று விட்டிருந்தால் வாய்ப்பு 70ஆக இறங்கியிருக்கும். இரண்டைப் பிடுங்கினால் 56. வழுக்குகிற சுவருக்கு அது பொருந்துகிறது.