எட்டால் வகுபடாத பவுன்

மணி ஒன்பதே முக்கால். மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடை. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. உள்ளே சாமி படத்துக்குச் சாம்பிராணி போட்டாயிற்று. கணக்கர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே நுழையும்போதே தலையை நிமிர்த்தி ரேட் போர்டைப் பார்க்கிறார். முப்பது வருடப் பழக்கம். சிலேட்டில் சாக்பீஸால் எழுதிய காலத்திலும் இப்படித்தான் பார்த்தார். இப்போது அதே இடத்தில் சிவப்பு எண்கள் மின்னுகின்றன.

22 கேரட், 1 கிராம்: 9,065. அதற்குக் கீழே 8 கிராம்: 72,250.

பையைக்கூட வைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி, பவுன் ரேட்டை யார் அடிச்சது?"

"நான்தாண்ணே. சங்கத்து மெசேஜைப் பார்த்துத்தான் அடிச்சேன்."

"மெசேஜைப் பார்த்த, சரி. எட்டால பெருக்கிப் பார்த்தியா?"

இந்தக் கணக்கர் கற்பனை. ரேட் எண்களும் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்தவை. ஆனால் அவர் மனசுக்குள் ஓடிய கணக்கு நிஜமானது. நகை வாங்கப் போகிற யாரும் அதைத் தெரிந்துகொள்ளலாம். காகிதம்கூட வேண்டாம்.

நம் ஊரில் பவுன் என்றாலும் சவரன் என்றாலும் 8 கிராம். இங்கிலாந்தின் 'சாவரின்' என்ற தங்க நாணயம்தான் நம் வாயில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்ற பெயரும் வந்தது. அந்த நாணயமும் 22 கேரட்தான். அதன் அசல் எடை 8 கிராமுக்கு ஒரு இழை குறைவு. வியாபாரத்தில் அதை முழு எட்டாக வைத்துக்கொண்டோம். ஆகவே பவுன் ரேட் என்று தனியாக ஒரு விலை கிடையாது. கிராம் ரேட்டை எட்டால் பெருக்கினால் வருவதுதான் அது. 9,065ஐ எட்டால் பெருக்கினால் 72,520 வர வேண்டும். போர்டிலோ 72,250.

சரி, இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை. எது தப்பு? கிராம் ரேட்டைத் தப்பாக அடித்துவிட்டுப் பவுன் ரேட்டைச் சரியாக அடித்திருக்கவும் வாய்ப்பு உண்டே? இந்த இடத்தில்தான் கணக்கரின் கைத்திறன். சங்கம் அறிவிக்கிற கிராம் ரேட் முழு ரூபாயில் இருக்கும், பைசா வராது. அப்படியானால் பவுன் ரேட் எப்போதும் எட்டால் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். ஆயிரம் எட்டால் வகுபடும் என்பதால் முழு எண்ணையும் வகுக்க வேண்டியதில்லை. கடைசி மூன்று இலக்கம் போதும். 250ஐ எட்டால் வகுத்தால் இரண்டு மீதி நிற்கிறது. 520ஐ வகுத்தால் கச்சிதமாக 65. ஆக, தப்பு பவுன் வரிசையில்தான்.

அது என்ன மாதிரி தப்பு என்பதையும் எண்ணே சொல்லிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 270. அது ஒன்பதால் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இது பழைய பாடம். 52ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. பையன் 520 என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே 250 என்று அடித்திருக்கிறான். ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியிருக்கும் என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல மெசேஜைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அவரும் பார்த்தார். 72,520.

பவுனுக்கு 270 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். ஒரு பில்லைப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான கடைகளில் வாசல் போர்டு ஒரு ரிமோட்டில் ஓடுகிறது. பில் போடும் கம்ப்யூட்டரில் கிராம் ரேட்டைத் தனியாக ஏற்றுகிறார்கள். அன்று கம்ப்யூட்டரில் 9,065 சரியாகவே இருக்கிறது. ஒரு அம்மா இரண்டு பவுன் செயின் எடுக்கிறார். போர்டைப் பார்த்து அவர் போட்டு வைத்திருக்கும் கணக்குக்கும் பில்லுக்கும் தங்கத்தில் மட்டும் 540 ரூபாய் இடிக்கிறது. சேதாரம் பத்து சதவீதம் என்றால் அந்த வித்தியாசம் 594 ஆகும். அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி ஏறினால் ஏறத்தாழ 612. ரேட்டில் விழுந்த தப்பு ரேட்டோடு நிற்பதில்லை. சேதாரத்திலும் வரியிலும் சேர்ந்து வளரும். அந்த அம்மா போர்டைப் போனில் படம் பிடித்திருந்தால், அதற்கப்புறம் கடையில் நடக்கிற பேச்சை நான் எழுத வேண்டியதில்லை.

தப்பு கிராம் வரிசையில் விழுந்து, அதுவே கம்ப்யூட்டருக்கும் போயிருந்தால் இன்னும் மோசம். யாருக்கும் இடிக்காது. நகைச் சீட்டுக்கு மாதம் ஐயாயிரம் கட்டுகிறவருக்கு அன்றைய ரேட்டில் கிராமாக வரவு வைக்கிற திட்டம் என்றால், 9,065க்கு அரை கிராமுக்கு மேல், 0.551 கிராம் வர வேண்டும். 9,605 என்று மாறி ஏறியிருந்தால் 0.520தான் வரவாகும். பணம் கட்டிய ரசீதில் தசம புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எண்ணை யார் பார்க்கிறார்கள்?

போர்டைத் திருத்தியாயிற்று. ஆனால் கணக்கர் இன்னும் நகரவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுக்கிறார். தினமும் ரேட்டைத் தேதி போட்டு எழுதி வைக்கிற நோட்டு. நேற்று கிராம் 9,020, பவுன் 72,160. அவர் பயப்படுவது இந்த இரண்டாவது வகைத் தப்புக்குத்தான். காலையில் ரேட்டை மாற்ற மறந்து நேற்றைய எண்ணையே ஓடவிட்டால், எட்டால் பெருக்கினாலும் சரியாக வரும், வகுத்தாலும் சரியாக வரும். நாம் தூங்குகிற நேரத்தில் நியூயார்க்கில் தங்க வியாபாரம் நடக்கிறது. டாலர் ஏறி இறங்குகிறது. காலை ஒன்பதரை வாக்கில் வருகிற ரேட் அதையெல்லாம் உள்வாங்கி வருவது. அதனால் மெசேஜில் "கிராமுக்கு 45 உயர்வு" என்று இருப்பதை நேற்றைய நோட்டோடு கூட்டிப் பார்க்கிறார். 9,020உம் 45உம் 9,065. பவுனுக்கு 360 கூடியிருக்க வேண்டும். 72,160உம் 360உம் 72,520.

கடைசியாக 24 கேரட் வரிசை. பன்னிரண்டு பங்கில் பதினொன்று தங்கம் இருப்பது 22 கேரட். நகையில் 916 என்று முத்திரை இருப்பதும் அதனால்தான். எனவே 22 கேரட் ரேட்டைப் பதினொன்றால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் 9,889 வருகிறது. போர்டிலும் அதுவே.

"இப்ப ஷட்டரை ஏத்து," என்றார். பையன் ஏற்றினான். அதுவரை வெளியே கண்ணாடி வழியாகப் போர்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உள்ளே வந்து கேட்ட முதல் கேள்வி:

"கொஞ்சம் முந்தி எழுபத்திரண்டு இருநூத்தம்பதுன்னு போட்டிருந்துச்சே?"

கணக்கர் மெசேஜைக் காட்டினார். நோட்டையும் திருப்பிக் காட்டினார். பெரியவர் இரண்டையும் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் ரேட் மறுபடி மாறுகிற நாளும் உண்டு. அப்போது போர்டு ஒன்றும் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் போகிற கடையில் பவுன் விலையின் கடைசி மூன்று இலக்கத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி நின்றால், பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.