செல்போன் பில்லில் தவறா? யாரிடம் முறையிடுவது?

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். அவருடைய செல்போன் பில்லில், அவர் கேட்காத சேவைக்கு 300 ரூபாய் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

தொலைத்தொடர்பு ஆணையமான "டிராய்", 2012-ம் ஆண்டிலேயே இதற்கு வழி வகுத்திருக்கிறது.

முதல் படி, கம்பெனியின் புகார் மையம். 198-க்குப் பேச வேண்டும். "பார்க்கிறோம்" என்ற பதிலோடு போனை வைத்துவிடக் கூடாது. புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அந்த எண்தான் அத்தாட்சி! பில் புகாரை 6 வாரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஜூன் 1-ந்தேதி புகார் செய்தால், ஜூலை 13-ந்தேதி கெடு முடிகிறது. பணம் திரும்பவில்லையா? இரண்டாம் படி, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. 30 நாட்களுக்குள் அவரிடம் முறையிட வேண்டும். கட்டணம் கிடையாது. அவருக்கு யோசனை சொல்லும் குழுவில் நுகர்வோர் சங்கப் பிரதிநிதியும் உண்டு. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

"டிராய்க்கே நேராக எழுதினால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். தனி ஒருவருடைய புகாரை டிராய் விசாரிப்பது இல்லை. கம்பெனிக்கு அனுப்பிவிடும். நாள்தான் வீணாகும்.

அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். செல்போன் புகாரையும் நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022-ம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. அங்கே முதலில் காட்ட வேண்டியது, எழுதி வைத்த அந்தப் புகார் எண்ணைத்தான்!