ஆடியில் தொடங்கும் மூட்டை

ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. சென்னை வேளச்சேரியிலிருந்து கோவைக்குப் போகிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆடி பிறந்ததுமே, ஆறு வாரத்துக்கு முன்பே, அவர்கள் பரணில் ஏறிவிட வேண்டும்.

பரணில் இருப்பது அன்றாடம் தேவைப்படாது என்பதால் முதல் இரண்டு வாரமும் அதற்கே. அடுத்து பீரோ. துணியை விட அங்கே தேட வேண்டியது காகிதங்களை, குறிப்பாக கேஸ் இணைப்பு வாங்கியபோது கொடுத்த சந்தா வவுச்சரை. வெளியூர் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும். அடுப்பு மட்டும் கூட வரும். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்து ஒரு டெர்மினேஷன் வவுச்சரும் தருவார்கள். அதைக் கோவையில் காட்டினால் அதே டெபாசிட் தொகைக்கு இணைப்பு கிடைக்கும். பழைய இணைப்பு என்றால் இது நல்ல லாபம். சந்தா வவுச்சர் தொலைந்திருந்தால் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலைக் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நடு வாரங்களில் கூடமும் படுக்கையறையும். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில்தான் அடுக்க வேண்டும். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கும்போதே அடிப்பாகம் பிய்ந்துவிடும்.

பழைய வீட்டு ஓனரோடு மனக்கசப்பு வருவது பெரும்பாலும் கரண்ட் பில்லில்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால், காலி செய்கிற நாள் எப்படியும் நடுவில் விழும். கடைசியாகக் கணக்கெடுத்தபோது மீட்டரில் 14,200, சாவி கொடுக்கும் நாளில் 14,380, அடுத்த கணக்கெடுப்பில் 14,620 என்றால் மொத்தம் 420 யூனிட். அதில் காலி செய்தவர்கள் பங்கு 180. யூனிட் கூடக் கூட விலையும் ஏறுகிற கட்டணம் இது. அதனால் 180 யூனிட்டுக்குத் தனியாகக் கணக்குப் போடாமல், வந்த பில்லில் ஏழில் மூன்று பங்கு கொடுப்பதே நியாயம். சாவி கொடுக்கும்போது ஓனர் முன்னாலேயே மீட்டரைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசி வாரம் சமையலறை. குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்து, பனி உருகி வடியவிட்டுத் துடைத்துவிட வேண்டும்.

முகவரி மாற்றத்தில் ஆதாரை முதலில் முடித்தால் மற்றவை சுலபம். அதற்குப் புது வீட்டு வாடகை ஒப்பந்தம் வேண்டும்; ஒப்பந்தம் கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்கு அது ஆதாரமாகாது. கணவர் தன் முகவரியை மாற்றிய பிறகு, அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி உறவுச் சான்றோடு மனைவி விண்ணப்பிக்கலாம். கணவர் 30 நாளுக்குள் இணையத்தில் ஒப்புதல் தராவிட்டால் விண்ணப்பம் முடிந்துபோகும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்கும் வீடு மாறியதிலிருந்து 30 நாள்தான் கெடு. வாக்காளர் பட்டியலுக்கு படிவம் 8.