கேள்விக்கு எண் போட்டால் பதில் முழுதாக வரும்
விதைக்கு எழுதும் கரிசல் சம்சாரிகளுக்கு

சங்கரன்கோவில் பக்கத்து இளையரசனேந்தல் வட்டாரம் கரிசல் பூமி. வானம் பார்த்த நிலமே அதிகம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி இறங்குகிறது. அதற்கு முன்பே, செப்டம்பர் கடைசியிலிருந்து, காய்ந்த மண்ணில் உளுந்தை விதைத்துவிட்டால் முதல் மழையிலேயே பயிர் கிளம்பிவிடும். மழை பெய்தபின் விதைக்க நினைத்தால் கரிசலில் கால் வைக்க முடியாது. ஏர் இறங்க நாலைந்து நாள் ஆகும், அதற்குள் மேல் ஈரம் போய்விடும். ஆகவே இங்கே விதை கைக்கு வரும் நாள்தான் கணக்கு.

உள்ளூரில் கேட்ட ரகம் கிடைக்காதபோது வெளியூர் விதைக் கடைக்கு எழுதுகிறார்கள். சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. ஐந்து விஷயம் கேட்டு எழுதினால் இரண்டுக்குத்தான் பதில் வரும். மீதி மூன்றுக்கு மறுபடி எழுத வேண்டும். கடிதம் என்றால் ஒரு வாரம் போகும். செல்போனில் செய்தி அனுப்பினாலும், பருவ நேரத்தில் கடைக்காரர் பார்த்துப் பதில் போட இரண்டு நாள் ஆகிவிடுகிறது. இப்படி இரண்டு சுற்று போனால் விதைப்பு நாள் தாண்டிவிடும்.

வழக்கமாக எழுதப்படும் கடிதம் எப்படி இருக்கும்? “ஐயா, வணக்கம். எங்களுக்கு ஐந்து ஏக்கருக்கு உளுந்து விதை தேவைப்படுகிறது. வம்பன் 8 இருக்கிறதா, புது விதைதானா, முளைப்பு நன்றாக இருக்குமா, விலை என்ன, மருந்து கலந்ததா என்று தெரிவிக்கவும். இருந்தால் அனுப்பி வைக்கவும்.”

இதற்கு வரும் பதில்: “விதை இருக்கிறது. தரமான விதை. விலை இவ்வளவு.” கடைக்காரர் ஏமாற்றப் பார்க்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் மேஜையில் இதைப் போல் நாற்பது விசாரணை கிடக்கும். வரிகளின் மேல் கண்ணை ஓட்டி, கையில் உள்ள பதிலை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். புது விதைதானா என்பதற்குக் கிட்டங்கிக்குப் போய் அட்டையைப் பார்க்க வேண்டும்; அது விட்டுப்போகிறது. விட்டுப்போனது அவருக்கே தெரிவதில்லை. தவிர, “முளைப்பு நன்றாக இருக்குமா” என்று கேட்டால், “நன்றாக இருக்கும்” என்பதைத் தவிர யாரும் வேறு பதில் எழுதப் போவதில்லை.

அதே விசாரணையை ஆகஸ்டு கடைசியில், கீழ்க்கண்டவாறு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

“ஐயா, வணக்கம். இளையரசனேந்தலில் ஐந்து ஏக்கர் மானாவாரிக் கரிசலில் செப்டம்பர் கடைசி வாரம் உளுந்து விதைக்க இருக்கிறோம். கீழே ஏழு கேள்விகள் உள்ளன. அதே எண்ணைப் போட்டு எதிரே பதில் எழுதினால் போதும். தெரியாததற்குத் ‘தெரியாது’ என்றே எழுதலாம். பதில் கண்டபின் ஆர்டர் எழுதுகிறோம். அதுவரை விதை அனுப்ப வேண்டாம்.

1. வம்பன் 8 உளுந்து, நீல அட்டை கட்டிய சான்று விதை, 40 கிலோ தற்போது உங்கள் இருப்பில் உள்ளதா?
2. அட்டையில் உள்ள குவியல் எண் என்ன?
3. அட்டையில் உள்ள பரிசோதனை நாள் என்ன?
4. அட்டையில் போட்டுள்ள முளைப்புத்திறன் எத்தனை சதவீதம்?
5. விதையில் கலந்துள்ள மருந்தின் பெயர் என்ன? (கலக்கவில்லை என்றால் ‘இல்லை’)
6. 40 கிலோவும் எங்கள் ஊர் வந்து சேர, கூலி உள்பட மொத்தம் எவ்வளவு ரூபாய்?
7. ஒரு பையை மட்டும் பிரித்து நாங்கள் முளைப்பு பார்த்து, 75-க்குக் குறைந்தால், பிரிக்காத பைகளை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள்?”

இந்தக் கடிதத்தில் ஒரு எண்ணுக்குள் ஒரு கேள்விதான் இருக்கிறது. “இருப்பு உண்டா, விலை என்ன” என்று இரண்டை ஒரே எண்ணில் அடைத்தால் முதலாவதற்கோ கடைசிக்கோ மட்டும் பதில் வந்து, எண் நிரம்பியதாகத் தோற்றம் தரும், பழைய கதைதான். இரண்டாவதாக, ஏழில் ஆறுக்கு எண்ணாகவோ நாளாகவோ பெயராகவோதான் பதில் எழுத முடியும். “தரமானது” என்று எழுத அங்கே இடமில்லை. 2, 3, 4 மூன்றும் அடுத்தடுத்து இருப்பதற்கும் காரணம் உண்டு: மூன்றும் ஒரே அட்டையில் இருப்பவை. கடைப் பையன் ஒரு தடவை கிட்டங்கிக்குப் போனால் மூன்றையும் பார்த்து வந்துவிடுவான்.

“இருந்தால் அனுப்பி வைக்கவும்” என்ற வரியை எடுத்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் கடைக்காரருக்குப் பதில் எழுதும் வேலையே இல்லை; மூட்டையை லாரியில் போட்டுவிடுவார். கேள்வி அத்தனையும் வீணாகும்.

சரி, பதில் வருகிறது. 1. உள்ளது. 2. குவியல் எண் எழுதியிருக்கிறது. 3. சென்ற டிசம்பர் 18. 4. 75. 5. இல்லை. 6. தொகை எழுதியிருக்கிறது. ஏழாவதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது பதிலில்தான் விஷயம் இருக்கிறது. சான்று விதைக்குப் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் வரைதான் ஆயுள். டிசம்பர் 18-ல் பரிசோதித்த விதைக்கு செப்டம்பர் 17-ஓடு கெடு முடிகிறது. விதைப்போ செப்டம்பர் கடைசி வாரம். மறு பரிசோதனையில் தேறினால் கெடுவை நீட்டிக்கலாம். தேறாவிட்டால் அது சான்று விதையே அல்ல. “புது விதைதானா” என்று கேட்டிருந்தால் “ஆமாம், இந்த வருஷத்து விதைதான்” என்று பதில் வந்திருக்கும். மூட்டை வீட்டில் இறங்கிய பிறகுதான் அட்டையில் நாளைப் பார்க்க நேர்ந்திருக்கும்.

மறு கடிதம் இரண்டே வரி. “கேள்வி 3: இந்தக் குவியலின் கெடு விதைப்புக்கு முன் முடிகிறது. பிந்திப் பரிசோதித்த வேறு குவியல் இருந்தால் 2, 3, 4, 6-க்கு மட்டும் புதிதாகப் பதில் தேவை. கேள்வி 7-க்குப் பதில் வரவில்லை.” குவியல் மாறினால் எண்ணும் நாளும் முளைப்பும் மாறும், விலையும் மாறலாம். ஆகவே பழைய பதிலை வைத்துக்கொண்டு புதுக் குவியலுக்கு ஆர்டர் எழுதக் கூடாது. அதே சமயம் முழுக் கடிதத்தையும் திருப்பி எழுத வேண்டிய தேவையும் இல்லை. எண் இருப்பதால் சுட்டிக்காட்டினால் போதும்.

ஏழாவது விட்டுப்போனதற்கு மறதி காரணமாக இருக்கலாம், மனமில்லாததும் காரணமாக இருக்கலாம். எப்படியும் அது ஓட்டைப் பல் மாதிரி பளிச்சென்று தெரிகிறது. இரண்டாம் முறை கேட்டும் அந்த எண் காலியாகவே வந்தால், திருப்பி எடுக்கமாட்டார் என்றே வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

நான்காம் கேள்விக்குச் சற்று விளக்கம் தேவை. உளுந்துச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். இந்த 75-க்குள், தண்ணீர் குடிக்காமல் கல் போலக் கிடக்கும் கடின விதையும் சேர்த்தி. ஏக்கருக்கு 8 கிலோ என்ற கணக்கு இந்த முளைப்பை வைத்துத்தான். முளைப்பு 60 என்று தெரிந்தால் ஏக்கருக்கு 10 கிலோ போட்டால்தான் அதே எண்ணிக்கையில் செடி நிற்கும். ஐந்து ஏக்கருக்கு 40 கிலோ போதாது, 50 கிலோ வேண்டும்.

ஐந்தாவதும் அப்படியே. காய்ந்த மண்ணில் முன்கூட்டி விதைப்பவர்கள் விதையைக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துவது உண்டு. ஏற்கெனவே மருந்து கலந்த விதையை ஊறப்போட்டால் மருந்து தண்ணீரோடு போய்விடும். ரைசோபியம் கலப்பதாக இருந்தாலும் என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

கேள்வி ஏழு எட்டுக்கு மேல் போனால் இந்த முறையும் பலிக்காது. பதினைந்து எண்ணைப் பார்த்தவுடன், “பிறகு பார்ப்போம்” என்று கடைக்காரர் ஒதுக்கி வைத்துவிடுவார். எந்தப் பதில் வந்தால் வாங்கலாம், எது வந்தால் வேண்டாம் என்று தீர்மானிக்க உதவுகிறதோ, அந்தக் கேள்வி மட்டும் முதல் கடிதத்தில் இருக்கட்டும். பையின் அளவு, எந்த லாரியில் வரும் என்பதெல்லாம் ஆர்டரோடு கேட்கலாம்.

கடிதமே எழுதாமல் போனில் பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பேச ஆரம்பித்தால் மழை, விலைவாசி என்று பேச்சு எங்கோ போய்விடும். “அண்ணாச்சி, ஏழு விஷயம் கேட்கணும், ஒவ்வொன்றாச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, தாளில் எண் போட்டு வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பேசி முடித்ததும் அதே எண்களோடு பதிலை ஒரு செய்தியாக அடித்து அவருக்கே அனுப்பி, சரிதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சு அப்போது எழுத்தாகிவிடுகிறது.

எண் போட்டுக் கேட்டதால் வரும் பதில் முழுதாக இருக்குமே தவிர, உண்மையாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. மூட்டை வந்ததும் பதில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையின் அட்டையிலும் குவியல் எண்ணையும் பரிசோதனை நாளையும் ஒத்துப்பார்க்க வேண்டும். பத்துப் பையில் எட்டு ஒரு குவியலாகவும் இரண்டு வேறு குவியலாகவும் வருவது உண்டு. பில்லிலும் ரகமும் குவியல் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விதை விற்பவர் பில் கொடுத்தே தீர வேண்டும்.

பிறகு ஒரு பையைப் பிரித்து, பொறுக்காமல் எண்ணி நூறு விதை எடுத்து, நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வர வேண்டும். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் நன்றாக உள்ள முளைகளை எண்ண வேண்டும். கல்லாகக் கிடப்பவற்றைத் தனியே எண்ணிச் சேர்த்துக்கொள்ளலாம். அழுகியதையும் குறைமுளையையும் சேர்க்கக் கூடாது. இதற்கு ஏழு நாள் வேண்டியிருப்பதால், ஏழாம் கேள்விக்குக் கடைக்காரர் “ஐந்து நாளுக்குள்” என்று எழுதியிருந்தால் அந்தப் பதில் பயன்படாது. பத்து நாளாவது கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆர்டர் எழுத வேண்டும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக மூட்டை வந்து சேரும்படி நாள் குறிப்பதும் இதற்காகத்தான்.

பதில் கடிதம், அட்டை, பில், பையில் மிச்சம் வைத்த ஒரு கைப்பிடி விதை ஆகிய நான்கையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருந்தால், முளைப்பிலோ ரகத்திலோ குறை வந்தபோது விதை ஆய்வாளரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.