சோலார் இன்வெர்ட்டரின் சி.டி. கிளாம்ப்: எங்கே மாட்டுவது, அம்புக்குறி எந்தப் பக்கம்?

மாட்டுப் பண்ணையிலோ கோழிக் கொட்டகையிலோ சோலார் போட்டு, நெட் மீட்டர் இல்லாததால் மின்சாரம் இ.பி. லைனுக்குப் போகாமல் இன்வெர்ட்டரில் கட்டுப்பாடு வைத்திருப்பீர்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குக் கண் போன்றது சி.டி. கிளாம்ப் என்ற சிறிய வளையம். அதில் ஓடும் கரண்டைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

இதை இ.பி. மீட்டரில் இருந்து வரும் மெயின் பேஸ் வயரில், எந்தக் கிளையும் பிரிவதற்கு முன்னால் மாட்ட வேண்டும். மீட்டருக்கும் கிளாம்புக்கும் இடையில் போர் மோட்டாருக்குத் தனி வயர் பிரிந்தால், அந்த மோட்டார் இழுப்பது இன்வெர்ட்டருக்குத் தெரியாது. வெயில் இருந்தும் அது இ.பி. மின்சாரத்தில்தான் ஓடும். இன்வெர்ட்டரில் இருந்து வரும் வயரில் மாட்டினால் சோலார் உற்பத்திதான் தெரியுமே தவிர, லைனில் வருவதும் போவதும் தெரியாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும்.

அடுத்தது திசை. இன்வெர்ட்டர் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி, இரண்டும் ஒரே போக்கில் இருந்தால் மின்சாரம் உள்ளே வருகிறது என்றும், எதிர்ப்போக்கில் இருந்தால் வெளியே போகிறது என்றும் கணக்கிடுகிறது. கிளாம்பைத் திருப்பி மாட்டினால் அளவு சரியாக இருக்கும், கூட்டல் மட்டும் கழித்தலாகிவிடும்.

ஒரு 5 கிலோவாட் இன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். காலையில் பால் கறவை இயந்திரமும் குளிர்விப்பானும் 2.5 கிலோவாட் இழுக்கின்றன. சோலார் 0.5 தருகிறது, மீதி 2 இ.பி.யில் இருந்து வருகிறது. கிளாம்ப் தலைகீழாக இருந்தால் இந்த 2 கிலோவாட் வெளியே போவதாக இன்வெர்ட்டர் நினைத்து உற்பத்தியைக் குறைக்கும். குறைத்ததும் இ.பி. இழுவை கூடும். அதுவும் வெளியே போவதாகத் தெரிய, இன்னும் குறைத்துக் கடைசியில் பூஜ்யத்தில் நிற்கும். நல்ல வெயிலில் பேனல் சும்மா இருக்க, பில் மட்டும் ஏறும். மதியம் இயந்திரங்களை நிறுத்தினால் நடப்பது நேர் எதிர். லைனுக்குக் கொஞ்சம் கசிந்தாலும் உள்ளே வருவதாக எண்ணி உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போகும். முழுவதும் லைனுக்குப் போய்விடும். சில மீட்டர்கள் வெளியே போவதையும் நீங்கள் செலவழித்ததாகவே பதியும்.

அம்புக்குறி இ.பி. பக்கமா, பண்ணைப் பக்கமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் பாருங்கள். பிறகு இரவில் சோதியுங்கள். பேட்டரி இல்லாத இணைப்பில் அப்போது வெளியே போக எதுவும் இல்லை. 1.5 கிலோவாட் ஹீட்டரை மட்டும் போட்டால், திரையில் உள்ளே வருவது சுமார் 1.5 என்று தெரிய வேண்டும். வெளியே போவதாகக் காட்டினால் கிளாம்ப் தலைகீழ். மும்முனை இணைப்பில் ஒவ்வொரு பேஸிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கிளாம்ப் வேறு பேஸில் மாட்டப்பட்டிருந்தால் சுமார் பாதி அளவு, அதுவும் கழித்தலில் தெரியும். இதற்குக் கிளாம்பைத் திருப்புவது தீர்வாகாது, சரியான பேஸுக்கு மாற்ற வேண்டும்.

மெயினை அணைத்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கொண்டு கிளாம்பைத் திருப்பச் சொல்லுங்கள். அதன் இரண்டு மெல்லிய வயர்களை இடம் மாற்றினாலும் போதும். இரண்டையும் செய்துவிட்டால் பழையபடி தலைகீழாகிவிடும்.