கம்பெனி இடம் மாறினால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

குரோம்பேட்டை சென்னையில் இருக்கிறதா? தபால்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். சென்னை 600 044 என்றுதான் உறையில் எழுதுகிறோம். கம்பெனிச் சட்டத்தின் கண்ணுக்கு அது சென்னை இல்லை. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம் நகராட்சியோடு குரோம்பேட்டையும் அதற்குள் போய்விட்டது. அசோக் நகரில் இருக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தன் பதிவு அலுவலகத்தைக் குரோம்பேட்டைக்கு மாற்றினால், ஒரு மாநகரின் எல்லையைத் தாண்டுகிறது. அதே கம்பெனி அம்பத்தூருக்குப் போனால் தாண்டவில்லை. அம்பத்தூர் 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. தூரம் எதுவாக இருந்தாலும், காகித வேலை குரோம்பேட்டைக்குத்தான் கூடுதல்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு நகரம், ஊர் அல்லது கிராமத்தின் எல்லைக்குள்ளேயே மாறினால் இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். எல்லைக்கு வெளியே போனால் பங்குதாரர்கள் கூடிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். எதிர்ப்பு வாக்குகளைப்போல மூன்று மடங்காவது ஆதரவு வேண்டும். சென்னைப் பதிவாளரிடமிருந்து கோயம்புத்தூர்ப் பதிவாளரின் வரம்புக்குப் போவதென்றால் மண்டல இயக்குநரின் ஒப்புதலும் தேவை. வேறு மாநிலத்துக்குப் போவது தனிக் கதை, அதை இங்கே விட்டுவிடலாம்.

சிறு கம்பெனிகள் பெரும்பாலும் இந்த முதல் படியிலேயே சறுக்குகின்றன. பங்குதாரர்களும் இயக்குநர்களும் அதே கணவன் மனைவிதான், அப்புறம் எதற்கு இரண்டு கூட்டம் என்று நினைத்து, போர்டு தீர்மானத்தை மட்டும் இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். இருவரே இருந்தாலும் சட்டத்துக்கு அவர்கள் இரண்டு வேடத்தில் இரண்டு முறை உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, அந்த அசோக் நகர் கம்பெனி ஜூலை 1 முதல் குரோம்பேட்டையில் இயங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3-ஆம் தேதி இயக்குநர் குழு கூடி, இடமாற்றத்தைப் பரிந்துரைத்து, பங்குதாரர் கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறது. மறுநாள் நோட்டீஸ் போகிறது. இருபத்தொரு முழு நாள் இடைவெளி வேண்டுமென்பதால் கூட்டம் ஜூன் 27-இல். அவசரமென்றால் உறுப்பினர்களின் எழுத்துச் சம்மதத்தோடு நாளைக் குறைக்க வழி உண்டு. அன்று நிறைவேறிய சிறப்புத் தீர்மானத்தை முப்பது நாளுக்குள் MGT-14 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இடமாற்றத்தை அறிவிக்கும் படிவம் INC-22. அதற்கும் முப்பது நாள்தான். ஆனால் கணக்கு கூட்டத் தேதியிலிருந்து அல்ல, மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. எனவே ஜூலை 31-க்குள். சிறப்புத் தீர்மானம் தேவைப்பட்ட கம்பெனிகள் MGT-14-க்குக் கிடைத்த கோரிக்கை எண்ணை INC-22-இல் குறிப்பிட வேண்டியிருப்பதால், இரண்டையும் மாத முடிவுக்குத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமில்லை.

போர்டு தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும்? அலங்காரம் எதுவும் வேண்டாம். பழைய முகவரி முழுதாக, புதிய முகவரி முழுதாக, எந்தத் தேதி முதல் மாற்றம், படிவத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போட எந்த இயக்குநருக்கு அதிகாரம் என்ற நான்கும் இருந்தால் போதும். ‘விரைவில் மாற்றப்படும்’ என்று எழுதிய தீர்மானத்தை வைத்துக்கொண்டு முப்பது நாளை எங்கிருந்து எண்ணுவது? தேதியில்லாத தீர்மானத்தால் வரும் தொல்லை இதுதான்.

இனி இடத்துக்கான ஆதாரம். கட்டடம் கம்பெனியின் பெயரிலேயே இருந்தால் பதிவு செய்த பத்திரம் போதும். வாடகை இடமென்றால் கம்பெனியின் பெயரில் போட்ட வாடகை ஒப்பந்தத்தின் நோட்டரி சான்று பெற்ற நகல் வேண்டும். கூடவே ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இல்லாத வாடகை ரசீது. ‘கம்பெனியின் பெயரில்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வீட்டுக்காரர் தெரிந்தவர் என்று இயக்குநர் தன் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிடுவார். அப்படியானால் அந்த இடத்தைக் கம்பெனி பயன்படுத்த உரிமையாளர் தரும் சம்மதக் கடிதமும், அது அவருடைய இடம்தான் என்பதற்கான சான்றும் வேண்டும். இயக்குநரின் சொந்த வீட்டில் கம்பெனி நடந்தாலும் இதே சம்மதக் கடிதம் அவர் தன் கம்பெனிக்கே எழுதித் தர வேண்டும். சிரிப்பு வரலாம், ஆனால் சட்டத்தில் அவர் வேறு, கம்பெனி வேறு.

எந்த வழியில் போனாலும் மின்சாரம், எரிவாயு, தொலைபேசி போன்ற ஏதாவதொரு சேவையின் பில் வேண்டும். அதில் முகவரி இருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலும் ஈ.பி. பில்தான். தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் இந்தக் காலக்கெடு இறுக்கமானது. மே 10 தேதியிட்ட பில் ஜூலை 10-உடன் காலாவதி. ஜூலை 25-இல் உட்கார்ந்து படிவம் நிரப்புபவர் அடுத்த பில்லைத் தேட வேண்டும். பணம் கட்டிய ரசீதில் பெயரும் இணைப்பு எண்ணும் மட்டும் இருந்து முகவரி இல்லாவிட்டால் அது பயன்படாது.

அதைவிடப் பெரிய தலைவலி கதவு எண். நகரில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. மின்வாரியப் பதிவில் பழைய எண் 14, வாடகை ஒப்பந்தத்தில் புதிய எண் 27, போர்டு தீர்மானத்தில் வெறும் 27. படிப்பவருக்கு இவை இரண்டு வீடுகள். தீர்வு எளிது: ‘பழைய எண் 14, புதிய எண் 27’ என்று தீர்மானம், ஒப்பந்தம், உரிமையாளர் கடிதம், படிவம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, இரண்டு எண்ணும் இருக்கும் சொத்து வரி ரசீதைத் துணைக்கு வைக்கலாம். பில் இன்னும் காலமான தாத்தாவின் பெயரில் வருகிறதென்றால், இன்றைய உரிமையாளருக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் காகிதமும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழோ பத்திரமோ. இதைக் கடைசி வாரத்தில் தேடப் போனால் கிடைக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பில்லின் நகலைக் கேட்டுப் பார்த்துவிடுவதே நல்லது.

படிவத்தோடு அலுவலகத்தின் புகைப்படமும் போக வேண்டும். கட்டடத்தின் வெளிப்புறமும் உட்புறமும் தெரிய வேண்டும். கையெழுத்திடும் இயக்குநர் உள்ளே இருக்கும் படத்தில் இருக்க வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுண்டன்டோ கம்பெனி செகரட்டரியோ காஸ்ட் அக்கவுண்டன்டோ சான்றளிக்கும்போது, தாம் அந்த இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்ததாகவும், அங்கே கம்பெனி இயங்குவதாகவும் உறுதி சொல்கிறார். பல ஆடிட்டர் அலுவலகங்களில் இதை ஒரு சடங்காக நினைப்பது தவறு. பொய்யான உறுதிமொழிக்கு இதே சட்டத்தின் 448-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பதிவாளருக்குச் சந்தேகம் வந்தால் அவரே நேரில் சரிபார்க்கலாம். உள்ளூர்ச் சாட்சிகள் இருவர் முன்னிலையில், படமெடுத்து. அங்கே தொழில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் நடவடிக்கைவரை போகலாம். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு முகவரி மட்டும் வாடகைக்குத் தரும் இடங்களை நாடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் பெரிய விஷயமில்லை. பத்து லட்ச ரூபாய் மூலதனம் உள்ள கம்பெனிக்கு INC-22-க்கு 400 ரூபாய். தாமதமானால் கூடுதல் கட்டணம்: முப்பது நாள்வரை இரண்டு மடங்கு, 180 நாளைத் தாண்டினால் பன்னிரண்டு மடங்கு. இது தவிர 12-ஆம் பிரிவை மீறியதற்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய், ஒரு லட்சம்வரை அபராதம். கம்பெனிக்குத் தனி, பொறுப்பான அதிகாரி ஒவ்வொருவருக்கும் தனி. சிறு கம்பெனிகளுக்கு இதில் பாதிக்கு மேல் போட முடியாது.

பணத்தைவிட அஞ்சத்தக்கது வேறு. பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் வந்த நோட்டீஸ் கம்பெனிக்கு வந்ததாகவே கருதப்படும். நீங்கள் காலி செய்த அசோக் நகர் வீட்டு வாசலில் அது கிடந்தாலும் சரி. கடன் கொடுத்தவரின் கோரிக்கைக் கடிதமும் தீர்ப்பாய நோட்டீஸும் அங்கேதான் போகும். பதில் சொல்லாமல் இருந்தது உங்கள் குற்றமாகவே கணக்காகும்.

வேலை முடிந்த பிறகு லெட்டர்ஹெட், பில் புத்தகம், கடிதங்கள் எல்லாவற்றிலும் புதிய முகவரி வர வேண்டும். அலுவலகத்துக்கு வெளியே பெயர்ப் பலகை கட்டாயம். அந்தப் பகுதியில் வழங்கும் மொழியின் எழுத்திலும் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் பலகை மாட்டிய குரோம்பேட்டைக் கம்பெனி 12-ஆம் பிரிவைப் பாதிதான் நிறைவேற்றியிருக்கிறது.

இன்னொன்று. ஜி.எஸ்.டி. பதிவில் தலைமை வணிக இடத்தை மாற்ற அவகாசம் பதினைந்து நாள்தான். நம் உதாரணத்தில் அது ஜூலை 16. கம்பெனிப் பதிவாளரின் முப்பது நாளை மனத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக இருப்பவர்கள் இந்தத் தேதியைத்தான் தவறவிடுகிறார்கள். ஜூலை முதல் வாரத்திலேயே ஜி.எஸ்.டி.யை முடித்துவிட்டு INC-22-க்கு உட்காருங்கள்.